அக்டோபர் முதல் தேதிக் கையிருப்பு

மரக்காணத்தில் உப்பளம் நடத்தும் குடும்பத்திடம் மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டால் நேரான பதில் சொல்ல முடியாது. மே மாதம் எண்பதாயிரம் வரும். நவம்பரில் ஒன்றும் வராது. ஜனவரியில் வருவதற்குப் பதிலாகக் கையிலிருந்து போகும். ஆனால் அரிசிக்காரரும் பால்காரரும் மாதாமாதம் பணம் கேட்கிறார்கள். வங்கித் தவணையும் மாதாமாதம்தான். ஆண்டுக்கு ஒருமுறை விளையும் பணத்தைப் பன்னிரண்டு மாதத்துக்கும் எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதுதான் இந்த வீடுகளின் சிக்கல். வருமானம் குறைவாக இருப்பதும் வருமானம் சீராக வராததும் வேறு வேறு நோய்கள். ஒன்றுக்கு உரிய மருந்து மற்றதற்கு உதவாது. நல்ல விளைச்சல் கண்ட ஆண்டிலும் பிப்ரவரியில் நகையை எடுத்துக்கொண்டு போகும் வீடுகள் இருப்பதற்குக் காரணம் இரண்டாவது நோய்.

முதலில் பணம் எந்த மாதம் வரும், எந்த மாதம் வராது என்பதைத் தொழிலை வைத்தே பார்த்துவிடலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்கிறது. பாத்திகள் மூழ்கிக் கிடக்கும். மழை ஓய்ந்ததும் தேங்கிய நீரை இறைக்க வேண்டும், சேறு எடுக்க வேண்டும், உடைந்த வரப்பைக் கட்ட வேண்டும், பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். பிறகு உவர்நீரைப் பாய்ச்சிப் பாத்தி பாத்தியாக வெயிலில் முற்றவிட வேண்டும். கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் மூன்று, மூன்றரை டிகிரி. அது இருபத்தைந்து டிகிரியைத் தொட்ட பிறகுதான் உப்பு படியத் தொடங்கும். இந்தப் பயணம் வாரக் கணக்கில் நடக்கும். பணம் அவசரம் என்பதற்காக வெயில் வேகமாக அடிக்காது. ஆக, ஜனவரியிலும் பிப்ரவரியிலும் செலவு மட்டும். மார்ச்சில் கொஞ்சம் உப்பு எட்டிப் பார்க்கும். ஏப்ரலில்தான் நம்பத்தக்க பணம் வரும். செப்டம்பரோடு வாருவது ஓய்ந்துவிடும்.

இந்த வரிசையை நாட்காட்டியோடு சேர்த்துப் பாருங்கள். தீபாவளி, பொங்கல் இரண்டும் வருமானம் இல்லாத காலத்தில் விழுகின்றன. தை மாதக் கல்யாணங்களின் மொய்யும் அப்போதுதான். அடுத்த பருவத்துக்குப் பாத்தியைத் தயார் செய்யும் பெரிய செலவும் அதே காலத்தில்தான். வீட்டுத் தேவையும் தொழில் தேவையும் ஒரே நேரத்தில், ஒரே வெறும் கையை நோக்கி வருகின்றன. இந்த மோதலைத் தீர்க்காத எந்த வரவு செலவுத் திட்டமும் இங்கே நிற்காது.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் எண்கள் முறை விளங்குவதற்காக நான் வைத்தவை. உங்கள் எண்கள் வேறாக இருக்கும், போடும் வழி மாறாது. அரசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சிறிய அளவில் உப்பளம் நடத்தும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கூலி, டீசல், மின்சாரம், குத்தகைப் பணம் எல்லாம் கொடுத்த பிறகு மிஞ்சுவதை மட்டும் எழுதுகிறோம். மார்ச் 10,000. ஏப்ரல் 60,000. மே 80,000. ஜூன் 75,000. ஜூலை 65,000. ஆகஸ்ட் 55,000. செப்டம்பர் 45,000. குவித்து வைத்ததை விற்று அக்டோபரில் 20,000. நவம்பரிலும் டிசம்பரிலும் ஒன்றுமில்லை. மொத்தம் 4,10,000 ரூபாய். இதிலிருந்து ஜனவரியில் 45,000, பிப்ரவரியில் 25,000 என்று பாத்தி தயாரிப்புக்கு 70,000 போகிறது. மிச்சம் 3,40,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 28,300 சொச்சம்.

பலரும் இங்கேயே கணக்கை முடித்து, மாதம் இருபத்தெட்டாயிரம் செலவு செய்யலாம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. நாம் பார்த்தது சாதாரண ஆண்டு. இதே குடும்பத்தின் மூன்று ஆண்டுக் கணக்கை எடுத்தால் ஒன்றில் 3,40,000, ஒன்றில் 3,90,000, மே மாதம் கோடை மழை கெடுத்த ஆண்டில் 2,64,000 என்று இருக்கிறது என்போம். கோடை மழை பெய்தால் ஒரு நாள் உப்பு மட்டும் போவதில்லை. முற்றிய நீர் இளகிவிடும். அது மறுபடி இருபத்தைந்து டிகிரிக்கு ஏறும் வரை பாத்தி சும்மா கிடக்கும். விலை ஏறியிருக்கிற நேரமாக அது அமைந்தால் இழப்பு இரட்டிப்பாகும்.

மூன்று ஆண்டின் சராசரி மாதத்துக்கு ஏறக்குறைய 27,600. மோசமான ஆண்டை மட்டும் பன்னிரண்டால் வகுத்தால் 22,000. வீட்டுக்கு மாதச் சம்பளமாக வைக்க வேண்டியது இந்த 22,000தான் என்பது என் உறுதியான கருத்து. சராசரியை வைத்தால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டால் காரணம் புரியும்.

அதற்கு ஒரு தேதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: அக்டோபர் 1. அன்று காலை தொழில் கணக்கில் எவ்வளவு இருக்க வேண்டும்? வீட்டுக்கு ஒவ்வொரு மாதமும் முதல் தேதி பணம் போகிறது. ஏப்ரல் விற்பனைப் பணம் ஏப்ரல் நடுவில்தான் கைக்கு வரும். ஆகவே அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று ஏழு முறை, புது வரவை நம்பாமல் பணம் கொடுக்க வேண்டும். ஆறு மாதம் என்று நினைப்பவர்கள் அந்த ஏழாவது தவணையில்தான் தடுக்கி விழுகிறார்கள். ஏழு முறை 22,000 என்றால் 1,54,000. பாத்திக்கு 70,000. ஆக 2,24,000. மழைக்காலத்தில் விற்க வைத்திருக்கும் உப்பையும் மார்ச் மாதத்துச் சில்லறை வரவையும் இதில் சேர்க்கவில்லை. வந்தால் வரவு, அவ்வளவுதான்.

மோசமான ஆண்டில் மார்ச் முதல் செப்டம்பர் வரை மிஞ்சியது 3,34,000, அக்டோபரில் விற்க உப்பே இல்லை என்று கொள்வோம். மே முதல் செப்டம்பர் வரை ஐந்து தவணையாக வீட்டுக்கு 1,10,000 கொடுத்தாயிற்று. அக்டோபர் 1ஆம் தேதி கையில் நிற்பது 2,24,000. தேவை எதுவோ அது அப்படியே இருக்கிறது. கடன் வாங்காமல் ஏப்ரலைத் தொட்டுவிடலாம்.

இதே ஆண்டில் வீட்டுக்குச் சராசரியான 27,600 கொடுத்திருந்தால்? ஐந்து தவணைக்கு 1,38,000 போயிருக்கும். கையில் 1,96,000. பார்க்கப் பெரிய தொகைதான். ஜனவரி முதல் தேதி வரை நான்கு தவணை கொடுத்தால் 85,600 மிஞ்சும். ஜனவரியில் பாத்திச் செலவு 45,000 போக 40,600. பிப்ரவரித் தவணை கொடுத்தால் 13,000. அந்த மாதம் பாத்திக்கு வேண்டியதோ 25,000. பணம் தீர்வது தீபாவளியிலோ பொங்கலிலோ அல்ல, பாத்தி பாதி தயாரான நிலையில். அந்த இடத்தில் வேலையை நிறுத்தினால் முதல் உப்பு தள்ளிப்போகும், அடுத்த ஆண்டின் வருமானமும் குறையும். நிறுத்தாமல் இருக்க வேண்டுமானால் கடன். ஏப்ரல் தவணை வரை கணக்கிட்டால் மொத்தத் துண்டு 67,200 ரூபாய். வீட்டில் யாரும் ஊதாரித்தனம் செய்யவில்லை. மாதம் ஐயாயிரத்து அறுநூறு ரூபாய் கூடுதலாகச் செலவழித்தார்கள், அவ்வளவே.

இந்தக் கட்டத்தில் வழக்கமாக வருவது வியாபாரி தரும் முன்பணம். இதைப் பலர் வருமானத்தில் எழுதுகிறார்கள். அது கடன், வட்டியை விலைக்குள் ஒளித்து வைத்திருக்கும் கடன். நவம்பரில் 60,000 ரூபாய் வாங்குகிறீர்கள். மே மாதம் அறுநூறு மூட்டையை, மூட்டைக்கு இருபது ரூபாய் குறைத்துக் கொடுக்க வேண்டும் என்பது பேச்சு என்று வையுங்கள். குறைத்த தொகை 12,000. ஆறு மாதத்துக்கு அறுபதாயிரத்துக்குப் பன்னிரண்டாயிரம், அதாவது ஆண்டுக்கு நூற்றுக்கு நாற்பது வட்டி. வங்கி நகைக் கடனின் வட்டி பெரும்பாலும் இதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழேதான். வியாபாரியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உப்பு தேங்கிக் கிடக்கும் மாதத்தில் எடுத்துக்கொள்ள ஆள் உண்டு என்ற உறுதிக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது. அந்த உறுதிக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும். முன்பணத்துக்கு ஈடாக எத்தனை மூட்டை, எவ்வளவு குறைவு என்பதைப் பெருக்கிப் பார்த்தால் போதும், உங்கள் வட்டி வெளியே வந்துவிடும். அந்தத் தொகையை மே மாத வரவில் இப்போதே கழித்து எழுதிவிடுங்கள்.

கையிருப்பை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். ஒரே கணக்கில் எல்லாப் பணமும் இருந்தால் மே மாதத்தில் வீடு பணக்கார வீடாகத் தெரியும். “உப்பு போயிருக்கு, இப்பவே வாங்கிடலாம்” என்ற பேச்சு எழும். அந்த நேரத்தில் மறுப்பது எவருக்கும் கடினம். இரண்டு கணக்கு வேண்டும். விற்ற பணம் முழுதும் தொழில் கணக்குக்கு வரட்டும். அங்கிருந்து முதல் தேதி 22,000 வீட்டுக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிடலாம். வீட்டை நடத்துபவர், பெரும்பாலும் மனைவி, அந்தப் பணத்துக்கு முழு உரிமையாளர். எந்த மாதம் எவ்வளவு உப்பு போயிற்று என்று அவர் கேட்டுக் கேட்டுச் செலவு செய்யும் நிலை நீங்கும்.

பாத்திக்கான 70,000 இன்னும் எட்டத்தில் இருக்க வேண்டும். ஜூன், ஜூலையில் பணம் நிற்கும்போதே ஜனவரி முதல் வாரத்தில் முதிரும்படி வங்கியில் நிலைவைப்பாகப் போட்டுவிடுவது நல்லது. அவசரத்துக்கு முன்கூட்டி எடுத்தால் வட்டியில் கொஞ்சம் குறையும், முதல் போகாது. அந்தச் சிறு தடையே கையைக் கட்டிப்போடும். மாதாமாதம் ஒரே தொகை கட்ட வேண்டிய ஏலச்சீட்டும் தொடர்வைப்பும் சம்பளக்காரருக்குப் பொருந்தும். நமக்கு நவம்பரிலும் பிப்ரவரியிலும் அவை சுமையாகிவிடும். சீட்டுக் கட்டுவதற்காகக் கடன் வாங்கும் வீட்டைப் பார்த்தால், சேமிப்பு எப்படிக் கடனாகிறது என்று தெரியும். சீட்டு போடத்தான் வேண்டும் என்றால் அந்தத் தவணை 22,000க்குள் அடங்க வேண்டும்.

குவித்து வைத்த உப்பைப் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. மழைக்காலத்தில் உற்பத்தி நின்று விலை ஏறும், ஆகவே உப்பாக வைத்திருப்பதே சேமிப்பு என்பார்கள். பாதி உண்மை. ஏறிய விலையில் விற்றவர்கள் லாபம் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மூடிக் கட்டிய குவியலிலும் மழை புகும், வெள்ளம் வந்தால் அடியிலிருந்து கரையும். 2011 டிசம்பர் 30இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலும், 2024 நவம்பர் 30இல் புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலும் தாக்கிய மாதங்களைக் கவனியுங்கள். இரண்டும் பருவம் முடிந்த பிறகு வந்தவை. இத்தகைய புயல் நடந்துகொண்டிருக்கும் உற்பத்தியைத் தாக்குவதில்லை. விற்காமல் வைத்த உப்பையும் அடுத்த ஆண்டின் தயாரிப்புச் செலவையும்தான் தாக்குகிறது. வரப்பு உடைகிறது, சேறு ஏறுகிறது, எழுபதாயிரத்தில் முடியும் வேலை கூடிவிடுகிறது. உப்பையே சேமிப்பாக வைத்த குடும்பத்துக்குச் சேமிப்பு கரைவதும் செலவு ஏறுவதும் ஒரே இரவில் நடக்கும்.

அதனால் நான் சொல்லும் வரிசை இது. அக்டோபர் 1க்கு வேண்டிய 2,24,000 பணமாக நிறையும் வரை, விலை கொஞ்சம் குறைவாக இருந்தாலும் விற்றுவிட வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டிய உப்பை எவ்வளவு வேண்டுமானாலும் விலைக்காகக் காத்து வைக்கலாம். அது போனாலும் அடுப்பு எரியும், பாத்தி தயாராகும்.

நல்ல ஆண்டின் உபரி இப்போது கேள்வியாகும். சாதாரண ஆண்டில் செப்டம்பர் முடிவில் கையில் 2,80,000 நிற்கும். தேவை போக 56,000. அக்டோபர் விற்பனையோடு 76,000. இதைப் பூட்டியே வைக்கச் சொன்னால் எந்த வீடும் கேட்காது, கேட்கவும் தேவையில்லை. பழைய கடனில் வட்டி அதிகமானதை முதலில் அடைத்துவிட்டு, மீதியில் ஒரு பங்கைப் புயல் ஆண்டின் கூடுதல் வரப்புச் செலவுக்கு ஒதுக்கிவிட்டு, எஞ்சியதை வீட்டுக்குப் போனசாகக் கொடுக்கலாம். கொடுக்கும் நாள் முக்கியம். மே மாதம் கொடுத்தால் அது உபரியா என்று அப்போது தெரியாது. அக்டோபர் முதல் வாரத்தில் தெரியும். தீபாவளிக்கும் அது உதவும். வீட்டுக்கு வேண்டிய பெரிய பொருள், கூரை வேலை, வண்டி எல்லாம் இந்தப் பணத்தில்தான் வர வேண்டும், மாதச் சம்பளத்திலிருந்து அல்ல.

இருபத்திரண்டாயிரத்துக்குள் வீட்டை எப்படி நடத்துவது என்பதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுகளை மாதச் செலவு போலவே எழுத வேண்டும். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், தீபாவளித் துணி, பொங்கல், குலதெய்வத்துக்குப் போய்வருவது, மொய் என்று எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 48,000 என்றால் மாதம் 4,000 அதற்கே போய்விடும். உண்மையில் மாதச் செலவுக்கு இருப்பது 18,000. இந்த நாலாயிரத்தைப் பிரிக்காத வீடு, பதினெட்டாயிரத்துக்குப் பதிலாக இருபத்திரண்டாயிரத்துக்கு வாழப் பழகி, ஜனவரியில் தொழில் கணக்கில் கை வைக்கும். பதினெட்டாயிரம் போதவே போதாது என்றால், அதைச் செலவுப் பிரச்சினையாகப் பார்க்கக் கூடாது. உப்பளம் மட்டும் இந்தக் குடும்பத்தைத் தாங்கவில்லை என்று பொருள். மழை மாதங்களில் வேறு வருமானம் தேட வேண்டியதுதான். மழைக்காலத்தில் வேலை இழக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு 2022 முதல் தரும் 5,000 ரூபாய் நிவாரணம் தொழிலாளர்களுக்கானது. உப்பளம் நடத்துபவர் அதைத் தன் கணக்கில் எழுத முடியாது. மழை மாதத்தில் தொழிலாளர்களுக்கு நீங்கள் முன்பணம் கொடுப்பவராக இருந்தால் அந்தத் தொகையும் பாத்திச் செலவோடு அக்டோபர் கையிருப்பில் ஏற வேண்டும்.

திட்டம் தவறுகிறதா என்பதைக் கண்டுபிடிக்க ஆடி முடியும் வாரம் சரியான நேரம். பருவத்தின் பெரும்பகுதி முடிந்திருக்கும், இன்னும் சில வாரம் வெயில் மிச்சமிருக்கும். கையில் இருப்பதோடு செப்டம்பர் வரை வரக்கூடியதைக் குறைத்து மதிப்பிட்டுச் சேர்த்து, செப்டம்பர் தவணையைக் கழித்தால் 2,24,000 வருகிறதா என்று பாருங்கள். 28,000 குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதே முடிவெடுத்தால் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை எட்டுத் தவணையில் மாதம் 3,500 குறைத்தால் சரியாகிவிடும். பொங்கலுக்குப் பிறகு பார்த்தால் மிச்சம் மூன்று தவணைதான். மாதம் 9,300க்கு மேல் வெட்ட வேண்டியிருக்கும். எந்த வீடும் அதைத் தாங்காது, கடன்தான் வரும். துண்டின் அளவு இரண்டிலும் ஒன்றே.

இதையெல்லாம் படித்துவிட்டு, இரண்டேகால் லட்சத்துக்கு நான் எங்கே போவேன் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஏற்கனவே முன்பணத்தில் ஓடும் குடும்பத்துக்கு முதல் ஆண்டிலேயே இந்தத் தொகை சேராது. அப்படியானால் எதை முதலில் நிரப்புவது? வீட்டின் ஏழு மாதத்தையா, பாத்தியின் எழுபதாயிரத்தையா? பாத்தியை என்பேன். இதை மறுப்பவர்கள் உண்டு, குழந்தைகளின் சாப்பாட்டுக்கு முன்னால் வரப்பா என்று கேட்பார்கள். வீட்டுக்குக் குறையும் பணத்துக்கு அளவு தெரியும். அதற்கு நகைக் கடன் வாங்கினால் அதன் வட்டியும் தெரியும். பாத்தி தாமதமானால் எத்தனை வார உப்பு போகும் என்று யாருக்கும் தெரியாது. போன வாரங்கள் ஏப்ரலிலும் மே மாதத்திலும் இருக்கும், அதாவது கையிருப்பை நிரப்ப வேண்டிய மாதங்களில். ஆகவே முதல் ஆண்டு பாத்திப் பணம் மட்டும் நிலைவைப்பில் ஏறட்டும். மழைக்கால வீட்டுச் செலவில் எத்தனை தவணைக்கு முடிகிறதோ அத்தனைக்குச் சேருங்கள், மீதிக்கு வட்டி குறைந்த இடத்தில் கடன் வாங்குங்கள். இரண்டாம் ஆண்டு முன்பணம் வாங்காத உப்பு முழு விலைக்குப் போகும். அந்தப் பன்னிரண்டாயிரத்திலிருந்து ஒரு தவணையில் பாதிக்கு மேல் வந்துவிடும்.